அம்மாவுக்கு மூன்று சொல்

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு எங்கள் காலனியில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. மனு எழுதுவது. பட்டா கேட்டு, முதியோர் பென்ஷன் கேட்டு, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு எத்தனையோ எழுதியிருக்கிறேன். கல்யாண விளம்பரம் எழுதச் சொல்லி என்னிடம் யாரும் வந்ததில்லை. போன வைகாசியில் பெரியப்பா வந்தார், கையில் இரண்டு பக்கத் தாளோடு. "தம்பி, இத பேப்பர்ல போடணும். இவ்ளோத்தையும் போட்டா வெல கட்டாதாம். நீதான சுருக்கமா எய்துவ, எய்திக் குடு" என்றார்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் அடித்து வாங்கிய பயோடேட்டா. மேலே பிள்ளையார் படம். கடைக்காரரே போட்டுவிட்டாராம், எல்லாருக்கும் போடுவாராம். அதற்குக் கீழே முந்நூறு சொல்லுக்கு மேல் இருந்தது. தங்கச்சியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து டெட் இரண்டாம் தாள் தேர்ச்சி வரைக்கும் கல்வி. விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருஷமாகக் கணக்கு ஆசிரியை, சம்பளத்தோடு. அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலத்துக்கும் பேரணிக்கும் நடுவில் அவர் கை படாத ஜல்லி இல்லை. அண்ணன் ஐ.டி.ஐ., தம்பி கல்லூரி. சொத்து என்ற இடத்தில் தொகுப்பு வீடு, அதன் பிறகு 'பூர்வீக நிலம் ஒரு ஏக்கர் (வழக்கில் உள்ளது)'. அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால் நமக்கென்று ஒதுக்கப்பட்டு, பின்னால் நம் கையை விட்டுப் போன பல ஏக்கரில் ஒன்று. அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு தனிக் கட்டுரை இருக்கிறது. விளம்பரத்தில் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் நீல மையில் தங்கச்சி கையெழுத்து: 'கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன். என் சம்பளத்தில் அம்மாவுக்குப் பங்கு உண்டு.'

அம்மாவைப் பற்றி பயோடேட்டாவில் இருந்தது ஒரே வரி. தாயார்: இல்லத்தரசி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா களையெடுப்புக்கும் நடவுக்கும் போகாத பருவம் கிடையாது. பெரியப்பா சம்பளம் வட்டிக்குப் போன வருஷங்களில் தங்கச்சியின் கல்லூரிக் கட்டணம் எந்தக் கழனியிலிருந்து வந்தது என்று காலனிக்கே தெரியும். கேட்டால் பெரியப்பா, "கடக்காரன் அப்படித்தாண்டா போடணும்னு சொன்னான்" என்றார்.

அந்த இரண்டு பக்கத்தோடு விழுப்புரம் போனேன். பள்ளி விழுப்புரத்தில், மாப்பிள்ளையும் அந்தச் சுற்றில் கிடைத்தால் நல்லது, அதனால் அங்கே ஒரு விளம்பர ஏஜெண்டிடம். நாளிதழ் விளம்பரத்தில் சில இடங்களில் சொல் கணக்கு, சில இடங்களில் வரிக் கணக்கு, கட்டம் போட்டுக் கேட்டால் சென்டிமீட்டர் கணக்கு. இவரிடம் முப்பது சொல் வரைக்கும் ஒரு ரேட். அதைத் தாண்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் காசு. போன் நம்பரைச் சொல்லாக எண்ண மாட்டார்கள். முந்நூறை முப்பதாக்க வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். போவது எது?

ஏஜெண்டு பழகிய கை. என் கண்ணெதிரே இரண்டு நிமிஷத்தில் எழுதிக் காட்டினார்: 'தகுந்த வரன் தேவை. 27, மிதுனம், திருவாதிரை, மாநிறம், எம்.எஸ்சி., பி.எட்., ஆசிரியை, அரசு ஊழியர் குடும்பம். எதிர்பார்ப்பு: அரசுப்பணி மணமகன், நல்ல குடும்பம். சாதி தடையில்லை.' இருபதே சொல்தான் வந்தது. படிக்க அழகாகத்தான் இருந்தது. "சாதியப் போடல சார். போன்ல சொல்லிக்கலாம். போட்டா கால் கம்மியா வரும்" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. எங்கள் நன்மைக்கென்றே சொன்னார்.

எனக்கும் முதலில் அது பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மேடையில் சாதி ஒழிப்பு பேசுகிறவன், தங்கச்சி விளம்பரத்தில் சாதிப் பெயரைக் காசு கொடுத்துப் போடுவானேன்? அந்தச் சொல்லை எழுதாமல் விடுவதுதானே நியாயம்? சொல்லாமல் விடுவது பொய் ஆகுமா?

அம்பேத்கர் அமெரிக்காவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் எழுதிப் பதிவு செய்துகொண்டு தங்கினார். கொஞ்ச நாளில் கம்போடு கூட்டம் வந்தது, வெளியேற்றப்பட்டார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெயரை எழுதியதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்ல எந்த யோக்கியனுக்கும் வாய் வராது. ஒரு இரவு தலைசாய்க்க இடம் தர சாதியைக் கேட்கிறவனுக்கு, உண்மையைக் கேட்க உரிமை கிடையாது. வாடகை வீட்டுக்காரனுக்கும் கிடையாது. இது எனக்கு உறுதி.

ஆனால் கல்யாணம் சத்திரம் அல்ல. கூட வாழ வரப்போகிறவனுக்கு இவள் யார், எந்தத் தெருவில் பிறந்தாள், எதைத் தாண்டி வந்தாள் என்று தெரிந்தாக வேண்டும். அதை மறைத்து ஆரம்பிக்கிற வாழ்க்கை, கம்போடு கூட்டம் எப்போது வருமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நடத்துகிற வாழ்க்கை. அப்படியானால் எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. விளம்பரத்திலா, போனிலா, நேரிலா?

இங்கேதான் சுருக்குவது என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது. சுருக்குவது வெட்டுவதல்ல, பிரித்து வைப்பது. முன்பின் தெரியாத ஒருவன் போனை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எது தெரிய வேண்டுமோ அது மட்டும் விளம்பரத்துக்கு. எடுத்த பிறகு கேட்கக்கூடியது போனுக்கு. மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பது நேருக்கு, அதுவும் வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால். பயோடேட்டாவின் ஒவ்வொரு வரியையும் இந்த மூன்றில் ஒன்றில் போட்டுப் பார்த்தேன்.

கல்வி சுலபம். எம்.எஸ்சி. என்றால் அதற்குக் கீழே உள்ள படியெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பி.எட். அடங்காது, அது தனி, நிற்கட்டும். மதிப்பெண், கல்லூரிப் பெயர், டெட் தேர்ச்சி போனுக்கு. டெட் தேறினால் அரசு வேலை கிடைத்துவிட்டதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைப்பை விளம்பரத்தில் தூண்டிவிடக் கூடாது. வேலையில் பள்ளிப் பெயர் கூடாது, ஊர் போதும். பள்ளிப் பெயரைப் போட்டால் வேண்டாதவன் கேட்டுக்கே வந்து நிற்பான். ஆனால் 'தனியார்' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். ஏஜெண்டு வெறுமனே 'ஆசிரியை' என்று எழுதியிருந்தார். நம் ஊரில் அதை அரசுப் பள்ளி ஆசிரியை என்றுதான் படிப்பார்கள். ஒரு சொல்லை மிச்சம் பிடித்தால் பத்துப் பேர் ஏமாந்து போன் செய்வார்கள். பிறந்த தேதிக்கு வயது போதும். வழக்கு நிலம் நேருக்கு. சம்பளத்தில் அம்மாவுக்குப் பங்கு என்பதும் நேருக்கு, ஆனால் சொல்லாமல் விடவே கூடாத நேர். வேலைக்குப் போவேன் என்பது மட்டும் விளம்பரத்துக்கு. அது தெரியாமல் போன் செய்கிறவனோடு பேசி என்ன பிரயோஜனம்?

குடும்பம் என்ற இடத்தில்தான் கை நின்றது. நன்னூல் வகுப்பில் தொகை என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம். 'ஐ' என்ற உருபும் 'உடைய' என்ற பயனும் மறைந்து நிற்கும், பொருள் மட்டும் மறையாது. விளம்பரத் தமிழ் முழுக்க இந்தத் தொகைதான். 'அரசுப்பணி மணமகன்' என்றால் அரசுப் பணியில் உள்ள மணமகன். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 'அரசு ஊழியர் குடும்பம்' என்பதில் மறைந்து நிற்பது உருபு அல்ல, ஒரு மனுஷி. அரசு ஊழியர் ஒருவர், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வெயிலில் ஜல்லி போட்டவரைப் பைல் பார்த்தவர் மாதிரி காட்டுகிறது அந்தச் சொல். அவர் பக்கத்தில் நின்றவளைக் காட்டவே இல்லை. 'நல்ல குடும்பம்', 'தகுந்த வரன்' இரண்டிலும் இதே கதைதான். எதற்குத் தகுந்த, யாருக்கு நல்ல என்பது தொக்கி நிற்கிறது. படிக்கிறவன் தன் சாதியை அங்கே வைத்து நிரப்பிக்கொள்வான்.

இதில் ஒழுக்கக் கேள்வியை விட்டுவிட்டுக் காரியக் கணக்குப் பார்த்தாலும் நஷ்டம்தான். உயர்த்தி எழுதிய குடும்பத்துக்கு உயர்த்திக் கேட்கிறவன்தான் வருவான். முதல் பத்து அழைப்பில் முதல் கேள்வி என்ன என்று பாருங்கள். பொண்ணு என்ன பாடம் நடத்துகிறாள் என்று கேட்டால் விளம்பரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. "என்ன செய்வீங்க?" என்று கேட்டால் குடும்ப வரி பொய் பேசியிருக்கிறது. இத்தனை பவுன் போடப்படும் என்று தாங்களே விளம்பரத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. கல்யாணத்துக்குக் கைம்மாறாகச் சொத்தோ பணமோ தருவதாக விளம்பரம் செய்வது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 4ஏ பிரிவுப்படி குற்றம். 1986இல் சேர்த்த பிரிவு. கொடுத்தவருக்கு மட்டுமல்ல, அச்சிட்டவருக்கும் தண்டனை உண்டு.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன், அம்மா வேலையைப் போடுகிறேன் என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எதுக்குடா? கூலிக்காரி பொண்ணுன்னு எளக்காரமா பாப்பானுங்க." அப்படிப் பார்க்கிறவன் போன் செய்யாமல் இருப்பதுதானே நமக்கு வேண்டும் என்றேன். "நீ பேசுவ" என்று வைத்துவிட்டார். ராசி, நட்சத்திரம், நிறம், மூன்று சொல்லை எடுத்தேன். சாதகம் பார்க்கிறவர்கள் எப்படியும் போனில் கேட்பார்கள். நிறத்தை நேரில் வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும்? எடுத்த மூன்று சொல் இடத்தில் மூன்று சொல் வைத்தேன்: தாய் விவசாயக் கூலி.

சாதி பாக்கி. ஏஜெண்டு மேசை மேல் போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் இருந்தது. மணமகன் தேவை, மணமகள் தேவை இரண்டும் சாதித் தலைப்பு வைத்து அகர வரிசையில். அந்தத் தலைப்பின் கீழ் போட்டால் சாதிப் பெயரைச் சொல்லாக எண்ண மாட்டார்கள், தலைப்பே சொல்லிவிடும். படிப்புக்குக் காசு, வேலைக்குக் காசு, அப்பனுக்குக் காசு, சாதி மட்டும் இலவசம். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் நம் சனம் மட்டும்தான் படிக்கும். அங்கே போய் 'சாதி தடையில்லை' என்று எழுதுவது நம் தெருவிலேயே நின்றுகொண்டு ஊர்த்தெருக்காரனைக் கூப்பிடுவது. 'பொது' என்ற தலைப்பில் போட்டால் எல்லாரும் படிப்பார்கள், ஆனால் சாதிக்கு ஒரு சொல் செலவு.

பொதுவில் போட்டு, அந்த ஒரு சொல்லைச் செலவு செய்வதென்று முடிவு செய்தேன். காரணம் கொள்கை அல்ல. போனை எடுக்கப் போகிறவர் பெரியப்பா. சாதியைப் போனுக்கு ஒதுக்கினால் ஒவ்வொரு அழைப்பிலும் பத்து நிமிஷம் சிரித்துப் பேசிய பிறகு "நீங்க எந்த ஆளுங்க?" என்று வரும். சொன்னதும் லைன் கட்டாகும். முப்பது பேர் செய்தால் முப்பது தடவை. வெளியே ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மனுஷனை வீட்டுக்குள் உட்காரவைத்து அவமானப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது. விளம்பரத்திலேயே இருந்தால் வேண்டாதவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போகிறான். அந்தச் சொல் நமக்கு ஒரு சல்லடை. கூட்டம் குறையும் என்று ஏஜெண்டு சொன்னது சரிதான். குறையட்டும்.

எந்தச் சொல் என்பதிலும் தகராறு. பொது விளம்பரங்களில் 'சாதி தடையில்லை (எஸ்.சி., எஸ்.டி. தவிர)' என்று வரும்போது நம் பெயர் சுருக்கெழுத்தில் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. அந்த எழுத்துகளை நானே என் தங்கச்சிக்கு எழுத மனம் வரவில்லை. தலித் என்று போட எனக்கு ஆசை. "அது உங்க மீட்டிங்குக்கு வெச்சிக்க" என்றாள் தங்கச்சி. ஆதிதிராவிடர் என்று எழுதினேன். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்கிய பெயர். யாரோ வைத்தது அல்ல.

'சாதி தடையில்லை'யை எடுத்துவிடச் சொல்லி பெரியப்பா கெஞ்சினார். விழுப்புரம் காலனியில் 1978இல் 12 பேரைக் கொன்றபோது அவருக்குப் பதினைந்து வயசு. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் விஷம் கொடுத்துக் கொன்றதை ஒவ்வொரு செய்தியாகக் கேட்டவர். முருகேசன் இன்ஜினியரிங் படித்தவர். கல்வி என்ற வரி அவரைக் காப்பாற்றவில்லை. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லப் பதினெட்டு வருஷம் ஆனது. பெரியப்பா பயத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாதியை ஒழிக்கக் கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை எடுத்துச் சொல்லலாம். அந்த மருந்தைக் குடித்துப் பார்க்க வேண்டியது நம் வீட்டுப் பெண் என்னும்போது நாக்கு எழவில்லை. தங்கச்சிதான், "எழுதுங்கண்ணா. வர்றவன் யார்னு நான் பாத்துக்கறன்" என்றாள்.

மேலே இருக்கிறவர்கள் அந்த இரண்டு சொல்லை எழுதும்போது அதற்கு வேறு பொருள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மும்பையில் 2015இல் உரிமைச் செயல்பாட்டாளர் ஹரிஷ் அய்யரின் தாயார், தன் மகனுக்கு ஆண் துணை தேடி விளம்பரம் கொடுத்தார். பல பேப்பர்கள் மறுத்து, கடைசியில் ஒரு பேப்பரில் வந்தது. இந்தியாவில் அப்படி வந்த முதல் விளம்பரம் என்று பேசப்பட்டது. மகனுக்காக அந்தத் தாய் உடைத்த சுவர் சின்னச் சுவர் அல்ல. அந்த விளம்பரத்திலும் சாதி தடையில்லை என்று எழுதி, அய்யராயிருந்தால் விருப்பம் என்று சேர்த்திருந்தது. வேடிக்கையாகச் சேர்த்ததென்று பிறகு விளக்கம் வந்தது. வேடிக்கையாகவே இருக்கட்டும். எல்லாத் தடையையும் உடைக்கிற விளம்பரத்தில் வேடிக்கைக்குக்கூட நினைவுக்கு வருவது அதுதான்.

கடைசியில் போனது இது:

'ஆதிதிராவிடர், 27, 157 செ.மீ., எம்.எஸ்சி., பி.எட்., விழுப்புரம் தனியார் பள்ளி ஆசிரியை. தந்தை ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி, தாய் விவசாயக் கூலி. பட்டம் படித்த, குடிக்காத, மனைவி வேலைக்குப் போவதை ஏற்கும் மணமகன் தேவை. சாதி தடையில்லை. வரதட்சணை இல்லை.'

எண்ணிப் பாருங்கள், முப்பது. பணம் கட்டுவதற்கு முன் போன் நம்பரை ஏஜெண்டை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நான் தாளைப் பார்த்துக்கொண்டேன். ஒரு எண் மாறினால் முப்பது சொல்லும் வீண்.

ஞாயிறும் திங்களுமாகப் பதினொரு அழைப்பு. இரண்டு தரகர்கள். ஒருவன், "சாதி தடையில்லைன்னு போட்டிருக்கீங்க, ஒங்களுக்கு எப்படிங்க தடையிருக்கும்?" என்று சிரித்துவிட்டு வைத்தான். அதைச் சொல்வதற்கென்றே ஒரு போன். நகை பற்றிக் கேட்டது ஒருவர்தான். ஆனால் நம் ஆட்களில் நான்கு பேர், "ஆதிதிராவிடர்னா அதுல எது?" என்று கேட்டார்கள். பெரியப்பா பதில் சொன்ன பிறகு அதில் இரண்டு பேர் அப்புறம் பேசுவதாக வைத்தார்கள். ஊர்க்காரனுக்கு வைத்த சல்லடை நம்மையும் சலிக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. இது பற்றி நம் பத்திரிகைகளில் நாம் எழுதுவது குறைவு. நேரில் வந்து பார்க்கிறோம் என்று சொன்னது இரண்டு குடும்பம். ஒன்று செஞ்சிப் பக்கம், ஒன்று செங்கல்பட்டு. செங்கல்பட்டுக்காரர்கள் நம் சாதி இல்லை. இரண்டு இடத்திலும் முதல் கேள்வி பள்ளியைப் பற்றி.

ஞாயிறு சாயங்காலம் பெரியம்மா பேப்பரோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எங்க என்னப் போட்டிருக்க, காட்டு" என்றாள். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அந்த வரி முழுவதையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அவுரு தொயிலாளி. நானு கூலியா?"

எனக்கு வாயடைத்துப் போனது. பெரியம்மாவை உள்ளே கொண்டுவந்துவிட்டேன் என்று நான்கு நாளாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

"அவுரு ரிட்டேர்டு ஆயிட்டாரு. நான் நாளைக்கும் கயனிக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறுக்கும் விளம்பரம் கட்டியிருந்தோம். திங்கட்கிழமை விழுப்புரம் போய் 'தாய் விவசாயத் தொழிலாளி' என்று திருத்திக் கொடுத்தேன். ஏஜெண்டு மறுபடி எண்ணினார். அதே முப்பதுதான், மேற்கொண்டு காசு கேட்கவில்லை.